பெயர் தெரிந்த ஊர், ஆள் தெரியாத ஊர்

லண்டனிலோ டொரொண்டோவிலோ செட்டிகுளம் என்று சொல்லிப் பாருங்கள். வவுனியாவுக்கே வராதவருக்கும் அந்தப் பெயர் தெரியும். 2009இல் மெனிக்பாம் முகாம் இருந்த இடம். போரிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில் பெரும்பாலோர் அங்கேதான் முட்கம்பிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களின் நினைவில் இருந்தது முகாம்தான். பக்கத்திலேயே குளத்தை நம்பி வயல் செய்துகொண்டிருந்த ஊர் அவர்கள் கண்ணில் பட்டது குறைவு.

புலம்பெயர்ந்தவர் ஊரோடும் தொழிலோடும் தொடர்பு வைத்திருக்க நம்மிடம் பழக்கமாக இருக்கும் வழி பழைய மாணவர் சங்கம். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு லண்டனில், கனடாவில், ஆஸ்திரேலியாவில் கிளைகள் உண்டு. அதன் பலத்தை மறுக்க முடியாது. ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் ஒருவரையொருவர் விசாரித்து அறியவேண்டிய தேவையில்லை. புதிதாக வந்த பொறியியலாளருக்கு எங்கே விண்ணப்பிப்பது, சுயவிவரத்தில் எதைச் சேர்ப்பது என்று ஒரே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இந்த வலையின் வரைபடம் பழைய பள்ளிக்கூடங்களின் வரைபடம். யாருக்குப் பெரிய பள்ளிக்கூடம் கிடைத்ததோ அவருக்கு அறிமுகமும் கிடைக்கிறது. வன்னியில் நிலைமை வேறு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே கணிசம். அவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு டொரொண்டோவில் கிளை இருக்காது. பல வீடுகளில் வெளிநாடு என்றால் கட்டார், குவைத், சவூதிதான். அவர்களும் தொழில் செய்யப் போனவர்களே. அவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் 'தொழில்வல்லுநர் தொடர்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இடத்தில் உதவும். அமெரிக்காவில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர் ஆறில் ஒருவர் அளவே. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள்தான் சேதி சொன்னார். காரணம் எளிது. நமக்கு நெருங்கியவருக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. ஊர் வாட்ஸ்அப் குழு கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கும், சாவீட்டுச் செய்தியை நொடியில் சொல்லும். புதிய வேலைக்கு அதில் வழி கிடைப்பது அரிது. அங்கே இருப்பவர் எல்லோரும் ஒரே வட்டம்.

கட்டாரில் நான்கு வருடம் வயரிங் செய்த செட்டிகுளத்துப் பெடியன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தில் குழாய் பதித்திருக்கிறான், மூன்று கட்ட மின்பலகைகளில் இணைப்புக் கொடுத்திருக்கிறான். விசாவில் மட்டும் 'தொழிலாளி' என்று இருக்கும். வளைகுடாவில் இது அடிக்கடி நடப்பது. ஊருக்குத் திரும்பி, முன் அனுபவத்தைக் கொண்டு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்று போகிறான். அந்த வசதி உண்மையில் உண்டு. வகுப்புக்குப் போகாமலே, கையில் இருக்கும் ஆதாரங்களைக் காட்டி, நேர்முகத்திலும் செயல்முறைத் தேர்விலும் தேறினால் போதும். அவன் கை வேலை தெரிந்த கை, தேர்வுக்குப் பயமில்லை. ஆனால் ஆதாரமாகக் கொடுக்க நிறுவனக் கடிதம் இல்லை. இருந்தாலும் அதில் விசாவில் உள்ள தொழிற்பெயரே இருக்கும்.

அவனுக்கு அப்போது உதவக்கூடியவர் உறவினரில் எவரும் அல்ல. நான்கு வருடம் அவன் வேலையைப் பார்த்த போர்மன். அவர் கேரளத்துக்காரராகவோ பிலிப்பைன்ஸ்காரராகவோ இருக்கலாம். செய்த வேலைகளைப் பெயர் சொல்லி நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டால் அது ஆதாரக் கோவையில் நிற்கும். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பேசலாம். இதைப் புறப்படும் கடைசி வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். கணக்கு முடித்துப் போன ஆளுக்குக் கடிதம் எழுத எந்த அலுவலகமும் அவசரப்படாது.

இதே பெடியனின் தொழிலைக் கனடாவில் செய்யும் தமிழர் பலர் உண்டு. அங்கே எந்த விதிமுறைப்படி வயர் இழுக்கிறார்கள், எந்த உரிமம் வேண்டும் என்பதை அவர்களால் அரை மணி நேரத்தில் சொல்ல முடியும். ஆனால் இவர்கள் அவனைச் சந்திக்க வழியில்லை. பொறியியலாளர் சங்கம் பட்டம் கேட்கும், பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடம் கேட்கும். பட்டம் படிப்பவருக்கோ வழி எளிது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழினுட்பம் படிப்பவருக்கு, புலம்பெயர்ந்த பேராசிரியர் ஒருவர் இணையவழி வகுப்பு எடுப்பது இன்று கடினமில்லை. செட்டிகுளத்துக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. அதில் அந்தப் பெடியனும் ஏறுவான். அவன் தொலைபேசியில் போர்மனின் கட்டார் இலக்கம் இன்னும் இருக்கும். ஊருக்கு வந்ததும் தன் சிம்மை மாற்றிவிட்டதால், போர்மனிடம் அவன் புதிய இலக்கம் இல்லை.