கிளஸ்டர் சங்கிலி

பென்டிரைவிலும் கேமரா கார்டிலும் இன்றும் வழங்கிவரும் FAT32 முறையில், கோப்பின் தரவு ‘கிளஸ்டர்’ எனப்படும் சம அளவுத் துண்டுகளில் வைக்கப்படுகிறது. கோப்புறையின் பதிவு முதல் கிளஸ்டரின் எண்ணை மட்டுமே சொல்ல, மற்றவற்றின் இருப்பிடத்தைத் தரவுக்கு முன்னே அமைந்த ஒதுக்கீட்டு அட்டவணை சொல்கிறது. முதல் எண் 5 எனில், அட்டவணையின் 5ஆம் கட்டத்தில் 6 என்றும், 6ஆம் கட்டத்தில் 9 என்றும், 9ஆம் கட்டத்தில் முடிவுக்குறியான 0x0FFFFFFF என்றும் இருக்கலாம். ஒரே எண் தரவின் இடத்தையும், அடுத்த எண்ணைத் தேடவேண்டிய கட்டத்தையும் ஒருங்கே குறிப்பதே இவ்வமைப்பின் அழகு.

தொடக்கம் முதல் வரிசையாகப் படிப்பதற்கு இது தாராளமாகப் போதும். இடையில் தாவ விரும்பும் நிரலுக்கோ செலவு கூடுகிறது. 32 கேபி கிளஸ்டர்களில் அமைந்த 1 ஜிபி திரைப்படத்தின் நடுப்பகுதிக்குச் செல்ல, வேண்டிய கிளஸ்டர் வரிசையில் 16,385ஆவது என்பது வகுத்தலால் உடனே தெரிந்தாலும், அதன் எண்ணை அறியக் கட்டம் கட்டமாக 16,384 முறை நகர்ந்தாக வேண்டும். கோப்பு சிதறியிருந்தால் அக்கட்டங்களும் அட்டவணையெங்கும் சிதறி, படிக்கவேண்டிய செக்டர்கள் பெருகுகின்றன. சங்கிலி முன்னோக்கி மட்டுமே செல்வதால், கடந்துவந்த எண்களை நினைவகத்தில் வைத்திராத எளிய நிரல், ஒரேயொரு கிளஸ்டர் பின்வாங்குவதற்கும் மீண்டும் தலையிலிருந்தே தொடங்குகிறது.