விளிம்பில் தெரியும் கைவண்ணம்

றொசல்ல ஸ்டேஷனை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த ஒரு சிறிய கேமை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் பிளாட்போமில் நிற்கிறது. திரையின் கீழ்ப்பக்கம் தண்டவாளம். விளிம்புக்கு இன்னும் 36 பிக்சல் இருக்கிறது. கொன்ட்ரோலர் மேசையில் கிடக்கிறது, யாருடைய விரலும் அதில் இல்லை. ஆனாலும் பாத்திரம் வலப்பக்கமாகச் சாய்ந்து கீழே ஊர்ந்து, மூன்றே விநாடியில் விளிம்பைத் தாண்டிவிடுகிறது.

பெரும்பாலான ஸ்டிக்குகளின் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும்; ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகிறது. பாவிக்கப் பாவிக்கத் தடம் தேயும், தேய்ந்த தூள் அங்கேயே தங்கும், நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் தளரும். இரண்டு அச்சிலும் 0 காட்டவேண்டிய ஸ்டிக் இப்போது 0.06, 0.04 என்று காட்டுகிறது. பாத்திரத்தின் முழு வேகம் விநாடிக்கு 300 பிக்சல் என்றால், வலப்பக்கம் 18, கீழ்ப்பக்கம் 12 பிக்சல் நகரும். மூன்று விநாடிக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

எண்களைத் திரையில் எழுதவிட்டுப் பார்த்தால் நோயின் வகை தெரியும். எண் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் நடு விலகியிருக்கிறது. துள்ளிக்கொண்டே இருந்தால் தடத்தில் அழுக்கு, அல்லது தேய்வு.

விலகிய அளவைக் கழித்துவிட்டால் போதாதா என்று முதலில் தோன்றும். போதாது. ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் தள்ளிச் சட்டென்று விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அது சற்று வேறிடத்தில் வந்து நிற்கும். நடு என்பது ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு சிறு வட்டாரமாக இருக்கிறது. அந்த வட்டாரத்துக்குள் எது நடந்தாலும் அசையாதே என்று கேமுக்குச் சொல்வதுதான் டெட் ஸோன். பல தடவை விட்டுப் பார்த்ததில் நடுவிலிருந்து மிகத் தூரமாக நின்ற இடம் 0.09 என்றால், கொஞ்சம் இடம் விட்டு 0.12 வைக்கலாம்.

கைவண்ணம் இனிமேல்தான். ஒவ்வொரு அச்சையும் தனித்தனியே 0.12 உடன் ஒப்பிடுவது சுலபம். ஆனால் விளையாடுபவர் 0.15, 0.05 என்று மெல்லச் சரிவாகத் தள்ளினால், 0.05 காணாமல் போய்விடும். பாத்திரம் நேர் வலப்பக்கம் நடக்கும். கை சொன்ன 18 பாகைச் சாய்வு எங்கோ தொலைந்துவிட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்து நீளத்தை அளக்கவேண்டும்: இங்கே அது 0.158. 0.12 ஐ ஆரமாகக் கொண்ட வட்டத்துக்கு வெளியே இருப்பதால் திசை அப்படியே பிழைக்கிறது.

அதிலும் ஒரு குறை மிஞ்சுகிறது. வட்டத்தைத் தாண்டிய கணமே பாத்திரம் 0.12 என்ற அளவில், அதாவது விநாடிக்கு 36 பிக்சலில் புறப்படும். கிளட்சைச் சட்டென்று விட்ட பஸ் மாதிரி ஓர் உதறல். அதைவிட மெதுவான நடையே கிடைக்காது. எனவே வட்டத்தின் விளிம்பையே பூச்சியமாக்கி, அங்கிருந்து வேகத்தைப் புதிதாக விரிக்கவேண்டும். ஸ்டிக் முழுதாகச் சாய்ந்தும் 1 ஐத் தொடாமல் 0.95 இல் நின்றுவிடலாம் என்பதால், மேல் எல்லையையும் அங்கே வைப்போம். கோடோவில் இவ்வளவுதான்:

```
func stick(v: Vector2) -> Vector2:
    var m = v.length()
    if m <= 0.12:
        return Vector2.ZERO
    var k = clampf((m - 0.12) / (0.95 - 0.12), 0.0, 1.0)
    return v / m * k
```

அதே 0.158 இப்போது ஏறக்குறைய 0.046 ஆகிறது, விநாடிக்கு 14 பிக்சல், விரல் கேட்ட திசையில். கோடோவின் `Input.get_vector` இதே வட்டத்தையும் விரிப்பையும் உள்ளேயே செய்துகொள்கிறது. மேல் எல்லையை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. சும்மா கிடக்கும் ஸ்டிக் 0.3 காட்டினால், வட்டத்தை அவ்வளவு பெரிதாக்கும்போது விரலின் நுணுக்கம் முழுவதும் அதற்குள் புதைந்துவிடும், ஸ்டிக்கைத்தான் மாற்றவேண்டும். 1998 இல் வந்த ட்ரீம்காஸ்ட் கொன்ட்ரோலர் போலக் காந்தத்தால் அளக்கும் ஸ்டிக்குகளில் உரசித் தேயும் தடமே இல்லை. ஆனால் அவற்றின் ஸ்பிரிங்கும் ஒவ்வொரு தடவையும் மிகச் சரியான நடுவுக்கு வருவதில்லை. ஆகவே சிறியதாக ஒரு வட்டம் அங்கேயும் தேவை.

ஒரு கேமை ரசிக்க உட்காரும்போது நான் முதலில் ஓடிப் பார்ப்பதில்லை. ஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்து, பாத்திரம் எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக முதல் அடி வைக்கிறது என்று பார்ப்பேன். பிறகு அதே மென்மையில் ஒரு முழு வட்டம் சுற்றுவேன். நடை எந்தத் திசையிலும் சிக்காமல் சுற்றி வந்தால், அந்தக் கேமைச் செய்தவர் தேய்ந்த ஸ்டிக்கையும் அதைப் பிடித்திருக்கும் விரலையும் ஒருசேர மதித்திருக்கிறார்.