நாணய அளவும் சாண் அளவும்: சுங்கை பூலோ தரும் ஒரு சான்று

ஒரு பொருளின் பருமனைப் படத்தின் துணையின்றி எழுத்தால் உணர்த்த வேண்டிய இடங்களில் தமிழ் உரைநடை பெரும்பாலும் உவமையையே நாடுகிறது. நாணய அளவு, சாண் நீளம், எலுமிச்சைப் பருமன் முதலிய தொடர்கள் மருத்துவக் கையேடுகளிலும் ஊர் வரலாற்றுக் கட்டுரைகளிலும் பயின்று வருகின்றன. இவை அளவைச் சொல்கின்றனவா, அளவு சொன்னது போன்ற நிறைவை மட்டும் தருகின்றனவா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். வடிவும் அளவும் பற்றிய ஒப்புமை மெய்யின்பாற்படும். ஆயின் உவமை பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் வகுத்த நெறியே. செய்யுளுக்கு இது பொருந்தும். அளவு குறிக்கும் உரைநடைக்கு உயர்வு வேண்டுவதில்லை, சமன்மையே வேண்டும். ‘கடுகளவு’, ‘மலையளவு’ என்று எழுதிப் பழகிய கை, ‘நாணய அளவு’ என்பதையும் அதே மனநிலையில் எழுதிவிடுகிறது. குறை தொடங்கும் இடம் இதுவே.

சிலாங்கூர் மாநிலத்துச் சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கப்பெற்றது. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என இன்று அறியப்படும் அவ்விடத்தில் சீனர், மலாய்க்காரர் ஆகியோருடன் தமிழரும் வாழ்ந்தனர். 2007இல் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியும் அங்கு வளர்ந்த செடி வணிகமும் பலர் அறிந்தவை. அம்மக்களின் நோய் வரலாற்றை எழுதுவோர்க்குப் படம் எளிதில் கைகொடுப்பதில்லை. நோயை மறைத்து வாழ நேர்ந்த குடும்பங்கள் பல. படையோ வடுவோ தெரியும் படத்தை வெளியிடுதல் ஒருவரை மீண்டும் அடையாளம் காட்டுவதாகிவிடும். மருத்துவப் பதிவுகளில் உடலின் கோட்டுருவம் வரைந்து படை இருக்குமிடத்தைக் குறிப்பது உண்டு. அது இடத்தைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. எனவே அளவைச் சொல் ஒன்றே சுமக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சூழலைக் கற்பித்துப் பார்ப்போம். 1995இல் ஒருவரின் முன்கையிலிருந்த உணர்ச்சியற்ற படையைப் பற்றி, ‘50 காசு நாணய அளவு’ என்று எழுதப்பட்டதாகக் கொள்வோம். அன்று வழங்கிய 50 காசு நாணயத்தின் விட்டம் 27.76 மில்லிமீட்டர். 2012இல் வெளிவந்த புதிய வரிசையில் அதே மதிப்புடைய நாணயத்தின் விட்டம் 22.65 மில்லிமீட்டராகக் குறைந்தது. பழைய 20 காசு நாணயமே 23.59 மில்லிமீட்டர் உடையது. அதாவது பழைய 20 காசு புதிய 50 காசைவிடப் பெரியது. இப்பொழுது ஒருவர் அக்குறிப்பைப் படித்துவிட்டு, தம் சட்டைப்பையிலுள்ள புதிய நாணயத்தை அதே முன்கையின்மேல் வைத்துப் பார்க்கிறார். படை சற்றும் மாறாதிருந்தாலும் நாணயத்தைச் சுற்றி இரண்டரை மில்லிமீட்டர் அகல விளிம்பு ஒன்று தெரியும்.

விட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் படை என்பது பரப்பு. பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. பழைய நாணயத்தின் பரப்பு ஏறத்தாழ 605 சதுர மில்லிமீட்டர். புதியதன் பரப்பு 403. எனவே அந்தப் படை ஒன்றரை மடங்காக வளர்ந்துவிட்டதென்ற முடிவு கிடைக்கும். படை பரவுகிறதா, நின்றுவிட்டதா என்பது மருத்துவர் எழுப்பும் அடிப்படை வினாக்களுள் ஒன்று. அதற்குத் தவறான விடையை நோயாளியின் உடல் தரவில்லை. நாணயச் சாலையே தந்தது.

நாணயம் அரசு அச்சிடும் பொருளாதலால் நிலையானது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக உள்ளது. உண்மையில் அதுபோல் காலத்துக்குக் கட்டுப்பட்ட அளவுகோல் வேறில்லை. ‘காலணா அகலப் பொட்டு’ என்ற வழக்கை இன்றைய மாணவர் பொருள் உணர்ந்து படிப்பர். அளவு உணர்ந்து படிப்பரா என்பது ஐயமே. மலாயாவில் 1939 முதல் 1961 வரையிலான ஆண்டுகளைப் பொறித்து வெளிவந்த ஒரு காசு நாணயம் சதுர வடிவினது. அக்காலத்து முதியவர் ‘ஒரு காசு அளவு’ என்று கூறின் வட்டத்தை எண்ணினாரா, சதுரத்தை எண்ணினாரா? சுங்கை பூலோவிலோ 1930களில் குடியிருப்புக்கென்றே தனித் தாள் பணம் வழங்கப்பட்டது. பணத்தின் வழி நோய் வெளியே பரவும் என்ற அச்சமே காரணம். எல்லார்க்கும் பொதுவான பொருள் என்று நாம் கருதும் நாணயம், அங்கு வேலிக்கு இப்புறமும் அப்புறமும் பொதுவாக இருக்கவில்லை.

சாணுக்கு வருவோம். பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்பது மரபு வாய்பாடு. நாணயத்துக்கில்லாத ஒரு நன்மை இதற்குண்டு: கை ஆண்டுதோறும் புதிய வரிசையில் வெளியிடப்படுவதில்லை. ஆயினும் யாருடைய கை என்ற வினா எழும். வளர்ந்தோரின் சாண் பெரும்பாலும் 20 முதல் 23 சென்டிமீட்டர் வரை அமையும். சிறுவர் சாண் அதனினும் மிகக் குறைவு. சுங்கை பூலோவில் இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. தொழுநோய் பெரிதும் தாக்கும் நரம்புகளுள் ஒன்று முழங்கையின் உட்புறமாகச் செல்வது. அது பழுதுற்றால் சிறுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கிவிடுகின்றன. கட்டைவிரல் நுனிக்கும் சிறுவிரல் நுனிக்கும் இடையே உள்ள தொலைவுதான் சாண். ஆக, அந்நோய் ஒருவரிடமிருந்து பறிக்கும் அளவுகளுள் ஒன்று சாண் எனலாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ‘ஒட்டை’ பலருக்கு நெடுநாள் எஞ்சியிருக்கும். முதியவர் ஒருவர் தம் கையை விரித்துக் காட்டி ‘இத்தனை சாண்’ என்று சொன்னதை நாம் ஏட்டில் எழுதும்பொழுது, அந்தக் கை எவ்வளவு விரிந்தது என்பதையும் எழுதாவிடின் அவர் தந்த சான்றைப் பாதி இழந்தவர்களாவோம்.

காய் கனிகளும் இவ்வகையில் தப்புவதில்லை. தமிழ்நாட்டுச் சமையல் நூல் ‘எலுமிச்சை அளவு புளி’ என்கிறது. இங்குள்ள இல்லங்களில் எலுமிச்சை என்றவுடன் நினைவுக்கு வருவது கஸ்தூரி எலுமிச்சையாயின் குழம்பு சப்பென்றாகும். அங்கு இழப்பு ஒரு வேளை உணவுதான். ‘எலுமிச்சை அளவுக் கட்டி’ என்று மருத்துவக் கையேட்டில் வரும்பொழுது அவ்வளவு எளிதாக விட்டுவிட இயலாது.

இதனால் ஒப்புப் பொருளை அறவே விலக்கி எண்ணை மட்டும் எழுதுக என்று கூறுவது பொருந்தாது. 28 மில்லிமீட்டர் என்று படித்த மாத்திரத்தில் மனக்கண்ணில் அதைக் காண்போர் தையற்காரரும் தச்சருமே. ஒப்புப் பொருள் காட்சியைத் தருகிறது. எண் அக்காட்சியைக் காலத்தோடு பிணைக்கிறது. முற்கூறிய படையைப் பின்வருமாறு எழுதலாம்: ‘இடது முன்கையின் வெளிப்புறம், மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நான்கு விரல் தொலைவில் நீள்வட்டப் படை, அதன் நெடிய பக்கம் 28 மில்லிமீட்டர், அஃதாவது 2012க்கு முந்திய 50 காசு நாணயத்தின் விட்டம், குறுகிய பக்கம் 20 மில்லிமீட்டர்.’ இத்தொடரில் எங்கிருந்து எதுவரை அளந்தது என்பது உண்டு. நாணயம் எதற்கு ஒப்பு என்பதும் உண்டு. படை வட்டமன்று என்பதையும், ‘நாணய அளவு’ என்ற பழைய தொடர் அதைச் சொல்லாமல் வட்டமாக்கி வைத்திருந்தது என்பதையும் இங்குத்தான் அறிகிறோம். ‘நான்கு விரல்’ என்பது மட்டும் நோயாளியின் விரலா, எழுதியவர் விரலா என்று தெளிவுபடாமல் நிற்கிறது. இருப்பிடம் குறிப்பதற்கு நோயாளியின் விரலே தக்கது. சிறுவனாயின் கையும் சிறிது, விரலும் சிறிது, விகிதம் குலையாது. அவர் விரல்கள் மடங்கியவையாயினும் விரலின் அகலம் பெரும்பாலும் அளக்கக் கிடைக்கும். விரலே குறுகி அழிந்திருப்பின், அப்பதிவுக்கு அளவுநாடா ஒன்றே வழி.