எதில் பதினெட்டு சதவீதம்?

2015 அக்டோபரில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது இது: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடும். பன்றி இறைச்சிப் படத்துக்குக் கீழே அந்த 18% மட்டும் ஊர் சுற்றியது. எண் சரிதான். ஆனா, எதில் 18%? அதைத்தான் காணோம்.

பிரிட்டனில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. ஆறில் 18% என்றால் கிட்டத்தட்ட ஒன்று. நான் இப்படி எழுதியிருப்பேன்: “100 பேர் தினமும் தின்றால், 6 பேருக்கு வரும் நோய் 7 பேருக்கு வரும்.”

இதுவும் ஒரே வரிதான். பயமுறுத்தாது, அதனால் குறைவாகவே பகிர்வார்கள். பரவாயில்லை, படிப்பவர் தன் தட்டைப் பார்த்துத் தானே முடிவெடுக்கலாம்.