பின்னட்டைக்குள் ஒரு பென்சில் கடிதம்

பரிசுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதை நான் ஒரு கலையாக எண்ணுவதில்லை. கடையில் வாங்கிய புதுப் புத்தகத்துக்கும் அதைக் கொடுப்பவருக்கும் பில்லைத் தவிர வேறு உறவு கிடையாது. தான் சின்ன வயதில் படித்துப் படித்து நைந்துபோன பிரதியையே பேரப்பிள்ளைக்குக் கொடுத்து, அதற்குள் ஒரு கடிதத்தையும் வைப்பது வேறு சங்கதி. அந்தக் கடிதம் அந்தப் பிரதிக்கு மட்டுமே பொருந்தும். எடுத்து வேறொரு புத்தகத்துக்குள் வைத்தால் பாதி புரியாது. நல்ல கடிதத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் அதுதான்.

இந்த வகையில் நான் பார்த்தவற்றுள் ஆகச் சிறந்தது திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையே ஓர் ஊரில் எழுதப்பட்டது. எழுதியவர் என் நண்பரின் தாயார். மல்லாட்டை வியாபாரியின் மகள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கடிதம் தாம்பரத்தில் வளரும் பேத்திக்கு. புத்தகம் என்று சொல்கிறேனே தவிர, கடையில் யாரும் விற்ற புத்தகம் அல்ல அது. 1966ஆம் ஆண்டு அம்புலிமாமா இதழ்கள் பன்னிரண்டையும் ஒன்றாகத் தைத்த பைண்டு.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. மாதம் ஒன்றாக வாங்கி, வருஷம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துவிடுவது அந்தக் காலத்து வீடுகளின் வழக்கம். பைண்டர் முதலில் இதழ்களின் பின்களைப் பிடுங்குவார். விட்டுவைத்தால் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். பிறகு நூலால் தைத்து, மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து முதுகில் தடவி, காலிகோ துணி ஒட்டுவார். மயில்துத்தம் பூச்சிக்கு எமன். அறுபது வருஷத்துக்குப் பிறகும் இந்தப் பைண்டின் முதுகு ஓட்டை இல்லாமல் இருப்பதற்கு அந்த ஒரு சிட்டிகைதான் காரணம். கடைசியில் மூன்று பக்கமும் கத்தியால் ஓரம் வெட்டுவார். அங்கேதான் ஒரு விபத்து நடந்திருக்கிறது.

அம்புலிமாமாவில் போட்டோவுக்குத் தலைப்பு எழுதும் போட்டி வரும். நண்பரின் தாயார் அப்போது பத்து வயதுச் சிறுமி. போட்டிக்கு எதையும் அனுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் தன் தலைப்பை எழுதி வைத்திருக்கிறாள். பைண்டரின் கத்தி அந்த எழுத்துகளில் பாதியை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. 'பாலுக்கு அழு', 'ரெண்டு பேரும் சண்', இப்படி. மீதியை ஊகிப்பதே ஒரு விளையாட்டு. பேத்திக்கு இந்த விளையாட்டு சங்கரின் வேதாளப் படங்களைவிடப் பிடித்துப் போனதாக நண்பர் சொன்னார்.

இந்தப் பைண்டுக்குள் இரண்டு கடிதங்கள் இருந்திருக்கின்றன. முதலாவது பேத்தி பிறந்த வருஷம் எழுதியது. மைப் பேனாவால், கோடு போட்ட நீளத் தாளில் இரண்டு பக்கம். நன்றாகப் படிக்க வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது. எல்லாப் பாட்டிகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதக்கூடியது. அதை எந்தப் புத்தகத்துக்குள்ளும் வைக்கலாம், பீரோவிலும் வைக்கலாம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த வீட்டில் தண்ணீர் அலமாரியின் கீழ்த்தட்டு வரைக்கும் வந்துவிட்டது. பைண்டு நனைந்தது. கழுவினால் போகும் நீல மையில் எழுதிய கடிதம், வெளிர்நீலக் கறை படிந்த வெறும் தாளாகிவிட்டது. தேதியும் இரண்டு மூன்று சொற்களும்தான் மிச்சம்.

நனைந்த புத்தகத்தை நாம் முதலில் என்ன செய்வோம்? வெயிலில் விரித்துப் போடுவோம். அது தப்பு. அட்டை வளைந்து கொள்ளும், தாள்கள் அலையலையாகச் சுருங்கும், ஈரத்தோடு பக்கம் புரட்டினால் பழைய நியூஸ்பிரின்ட் கையோடு வந்துவிடும். அந்த அம்மா பைண்டைத் திறக்கவில்லை. நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறியைச் சுற்ற விட்டு, தானாகப் பிரிந்து வந்த இடங்களில் மட்டும் வெள்ளைத் தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றிக் கொண்டே இருந்திருக்கிறார். வழவழப்பான வண்ண அட்டைகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டன. அவ்வகைத் தாள் நனைந்து ஒட்டினால் ஒட்டியதுதான். பிரிக்கப் பார்த்தால் இரண்டு படமும் போகும். அவற்றை அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பொறுமையும் கைவேலையில் சேர்ந்ததுதான்.

ஒன்று மட்டும் கொஞ்சமும் கலையவில்லை: ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து. பென்சில் கரி தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் வெளுக்காது. ரப்பர் ஒன்றுதான் அதற்குப் பகை. இதைப் பார்த்த பிறகுதான் அவர் இரண்டாவது கடிதத்தைப் பென்சிலில் எழுதினார். ஒரே பக்கம். மேலே 'உ' என்று பிள்ளையார் சுழி, தேதி. பிறகு நேராக விஷயம்:

"பாப்பாவுக்கு ஆயா எழுதுவது. இது எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. திண்டிவனத்துக்கு மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு போறப்ப மாசா மாசம் வாங்கியாருவாரு. மழை பேஞ்சி வண்டி போவாத மாசம் மட்டும் ரெண்டு புக்கா வரும்."

அவ்வளவுதான் முன்னுரை. அப்பா தன்மேல் எத்தனை பாசமாக இருந்தார் என்று ஒரு சொல் இல்லை. மூட்டை போனது, புத்தகம் வந்தது. எழுதத் தெரிந்தவர்கள் நான்கு வாக்கியத்தில் செய்ய முயன்று கெடுப்பதை, அந்த 'ரெண்டு புக்கா வரும்' செய்துவிடுகிறது.

அடுத்தது கடிதத்தின் நடுப்பகுதி. பேத்தி நாலாம் வகுப்பு. தமிழ் நன்றாகவே படிப்பாள். ஆனால் 1966ஆம் வருஷத்து அச்சில் அவள் தடுக்கி விழுவாள் என்று ஆயாவுக்குத் தெரியும். பெரியார் குடிஅரசு இதழில் 1935லிருந்து கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அப்போது மாறிய எழுத்துகள் பதின்மூன்று. ணை, லை, ளை, னை நான்கும் அதற்கு முன்னால் தலைக்கு முன் துதிக்கையைத் தூக்கி நிற்கும். றா, ணா, னாவும் அவற்றையொட்டிய ஒகர ஓகாரங்களும் தனிக் கால் இல்லாமல் சுழித்துக்கொள்ளும். இன்றைய பிள்ளைக்கு இவை வேற்று எழுத்து. ஆயா இவற்றில் ஏழு வடிவங்களைப் பெரிதாக எழுதி, எதிரே புது வடிவத்தையும் எழுதியிருக்கிறார். ஒகர ஓகாரங்களுக்குத் தனியாக எழுதவில்லை. றா தெரிந்தவளுக்கு றொ, றோ தானே பிடிபடும். கணக்குப் போட்டு விட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். வயதாகி நடுங்கும் கை, அந்தத் துதிக்கைகளைப் போடும்போது மட்டும் நடுங்கவில்லை. சிறுவயதில் சிலேட்டில் பழகிய வளைவு.

கடைசிப் பத்திதான் என்னை மறுபடி மறுபடி படிக்க வைத்தது.

"ஜூன் மாசத்துல ஒரு கதைக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. உங்க சின்னத் தாத்தா கிழிச்சிக் காத்தாடி செஞ்சி வுட்டுட்டாரு. முடிவு எனக்குத் தெரியும். லீவுக்கு வா, சொல்றேன். இப்படிக்கு ஆயா."

முடிவையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கிழிந்த பக்கத்தைக் குறையாகச் சொல்லாமல், பேத்தி ஊருக்கு வருவதற்கு ஒரு வேலையாக்கிவிட்டார். 'உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் கடிதம் அந்த இடத்தில் சாதாரணமாகியிருக்கும்.

கடிதம் என்றால் நமக்கு நேரு, பத்து வயது இந்திராவுக்கு 1928இல் எழுதியவை நினைவுக்கு வரும், மு.வ.வின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' நினைவுக்கு வரும். நேருவின் கடிதங்கள் மறு வருஷமே புத்தகமாயின. மு.வ.வினுடையவை கடித உடையில் வந்த கட்டுரைகள். யார் படித்தாலும் தனக்கு எழுதியதாக எண்ணிக்கொள்ளலாம். அது அவற்றின் பெருமை. புத்தகத்துக்குள் வைக்கும் கடிதத்துக்கு அந்தப் பெருமை ஆகாது. அது ஊருக்குப் பேசத் தொடங்கிய கணமே கெட்டுவிடும். நண்பர் இதைக் கம்ப்யூட்டரில் அடித்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தி, லேமினேட் செய்து வைக்கலாமா என்று கேட்டார். நல்ல வேளை, கேட்டார்.

கடிதம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். எல்லாரும் செய்வதுபோல் நடுப்பக்கத்தில் செருகவில்லை. நியூஸ்பிரின்ட் மரக்கூழ்த் தாள். வருஷம் போகப் போக அமிலம் ஊறிப் பழுப்பாகும், தொட்டுக்கொண்டிருக்கும் தாளையும் பழுப்பாக்கும். நடுவில் தடிமனாக எதையாவது வைத்தால் தையலும் விட்டுப்போகும். இவர் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு துணிப் பை தைத்து, கடிதத்தை ஒரே மடிப்பாக மடித்து வைத்திருக்கிறார். செல்லோடேப் இல்லை, ஸ்டேப்ளர் இல்லை. ஜூன் இதழ் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை நூல் மட்டும். பழைய நீலக்கறைத் தாளும் அதே பையில் இருக்கிறது. அதை ஏன் வைத்தார் என்று கேட்டதற்கு, "அதுவும் நான் எழுதுனதுதானே" என்றார்.

இவ்வளவு ரசித்த எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கடிதத்தில் அவருடைய பெயர் இல்லை. 'ஆயா' என்று மட்டும் இருக்கிறது. ஊர்ப் பெயரும் இல்லை. நம் நாட்டு ஓலைச்சுவடிகளின் கடைசி ஏட்டைப் புரட்டினால் பல இடங்களில் வருஷத்தின் பெயர், மாதம், தேதி, கிழமை, எழுதியவர் பெயர், யாருடைய ஏடு என்ற விவரம் எல்லாம் இருக்கும். பெயர் தெரியாத எத்தனையோ பேரை அந்த ஒரு வரிதான் நமக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. பேத்திக்கு ஆயா யார் என்று தெரியும். பேத்தியின் பேத்திக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று எப்படித் தெரியும்?

அடுத்த முறை போனபோது அவரிடமே சொன்னேன். பென்சிலை எடுத்து, 'ஆயா' என்பதற்குக் கீழே பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தார். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு நைந்த புத்தகம் இருந்தால், அதைக் கொடுக்க ஒரு பிள்ளையும் இருந்தால், ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் கிழிந்தது, யார் கிழித்தது என்று எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள். உங்கள் பெயரை விட்டுவிடாதீர்கள்.