வாசனை சோப்பு, வாஷ், வைப்ஸ்: ஓர் உபயோக விமர்சனம்

ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து பொம்மசந்திரத்தை நோக்கி வரும் வழியில் உள்ள எங்கள் ஹெப்பகோடியில், எந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும் மாத்திரை அலமாரிக்கு முன்பாகக் கண்ணில் படுவன, பெண்களின் அந்தரங்க சுத்தத்துக்கென்று தனியாகத் தயாரிக்கப்பட்ட பூ மணக்கும் திரவங்களும், ஈரமான வைப்ஸ் பொட்டலங்களும், அவற்றின் அருகே அடுக்கிய வாசனை சோப்புகளுமே. ஷிஃப்டு முறையில் வேலை பார்க்கும் பெண்கள் திரளாக வாழும் ஊர் இது. ஆலைக் கழிவறையில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ அவகாசம் இல்லாதவர்களுக்குக் கைப்பையில் அடங்கும் வைப்ஸ் பெரிய உபகாரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனினும் அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, சுத்தமா இருக்கணும்னுதான் இதெல்லாம் வாங்குறேன், ஆனா ராத்திரி அரிப்புல தூங்கவே முடியல" என்று தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகு, இப்பொருள்களைச் சாமானியமான வியாபாரச் சரக்காக எண்ணி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கி மேசைமீது வைத்துப் பரிசோதித்தேன்.

பரிசோதனைக்கு வேண்டியவை அதிகமில்லை: நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள், வண்டி பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர், வெள்ளைக் கிண்ணங்கள், அவ்வளவுதான். சோப்பைச் சுத்த நீரில் தேய்த்து நுரைத்ததும் தாள் நீலப் பச்சையாக மாறி, அளவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே நின்றது. இது அந்த ஒரு சோப்பின் குற்றமன்று. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் எந்த சோப்பும் இவ்வாறே காரத்தன்மை உடையது. உறையில் அச்சிட்ட டி.எஃப்.எம். எண் உயர்ந்திருந்தால் சோப்பு மென்மையானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்த எண் சோப்பில் எவ்வளவு கொழுப்புச் சத்து இருக்கிறது என்பதைத்தான் சொல்லுமே தவிர, காரத்தன்மையைக் குறைத்துவிடுவதில்லை. நம் சருமமோ இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது, ஐந்தை ஒட்டிய அளவு. அந்தப் புளிப்பு குறையும்போது மேல்தோலின் காவல் தளர்ந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவும் வெளியிலுள்ள ரசாயனம் உட்புகவும் வழி உண்டாகிறது. அதோடு எங்கள் ஊரின் போர்வெல் நீரும் டாங்கர் நீரும் கடின நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு கூடி வெண்மையான பிசுக்காகத் தோலில் தங்கிவிடுகிறது. வாளியின் விளிம்பில் படியும் அந்த வெண்படலத்தைத் தினமும் பார்ப்பவர்களுக்கு, அதுவே மடிப்புகளுக்குள் படிந்து நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தரங்க வாஷ் என்னும் திரவத்தில் தாள் ஆரஞ்சு நிறம் காட்டியது; நாலை ஒட்டிய அளவு. குப்பியின் மீது பெருமையாக எழுதியிருந்த சமநிலை வாக்கியம் பொய்யன்று. ஆனால் அந்த எண் யாருக்காக என்பதே கேள்வி. மூன்றரை முதல் நாலரை வரையிலான புளிப்பு, யோனியின் உட்புறத்துக்கு அங்கு வாழும் லாக்டோபேசிலஸ் என்ற நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்கித் தாமே காத்துவரும் நிலை. அதை வெளியிலிருந்து கழுவிச் சரிசெய்ய வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே கழுவினால் அந்த நுண்ணுயிர்ச் சமநிலை குலைவதற்கே இடம் உண்டு. வெளிப்புறச் சருமத்துக்கோ அவ்வளவு புளிப்பு தேவையும் இல்லை. திரவத்தின் மூலப்பொருள் பட்டியலை உரக்க வாசித்தேன்: தண்ணீர், நுரை உண்டாக்கும் சோடியம் லாரெத் சல்பேட், அமிலம், பதனப்பொருள், கடைசியில் வெறுமனே 'வாசனைப் பொருள்' என்ற ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து இருபது ரசாயனங்கள் அடங்கியிருக்கலாம்; வாங்குகிறவர் அறிய வழி இல்லை. மூலிகை, இயற்கை என்ற சொற்களும் இங்கு நம்பத்தக்க துணை அல்ல, ஏனெனில் தேயிலை மர எண்ணெய் முதலிய மணத்தைலங்களே தோலை உறுத்துவதும் உண்டு.

மூன்றாவதான வைப்ஸ்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிழிந்தெடுத்த துளியில் தாள் ஐந்தைக் காட்டியது. எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுவே மிகச் சிறந்தது. ஆனால் சோப்பையும் வாஷையும் நீரால் அலசிவிடுகிறோம், வைப்ஸின் திரவமோ அப்படியே தோலில் விடப்பட்டு, உள்ளாடையின் இறுக்கத்திலும் வியர்வையிலும் மணிக்கணக்கில் ஊறுகிறது. அந்த ஈரம் அழுகாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பதனப்பொருளை, ஒவ்வாமை தரும் பொருள்களில் அந்த ஆண்டு முதன்மையாகக் கவனிக்கத்தக்கது என்று அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைத் தோல் மருத்துவச் சங்கம் 2013 இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர், அலசாது விடும் பொருள்களில் அதைத் தடைசெய்தது. நான் வாங்கிய பொட்டலத்தில் அந்தப் பெயர் இல்லை, ஆனால் வாசனைப் பொருளும் ஆல்கஹாலும் இருந்தன. ஆகவே பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பது அபயச் சீட்டன்று.

எந்தப் பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்து, எரிச்சல் இல்லை என்றால் பிறகு உபயோகிக்கலாம் என்பது பொதுவான யோசனை. இங்கே அது பயன்படவில்லை. மூன்றையும் என் முழங்கையில் பூசினேன், எதுவும் நேரவில்லை. காரணம் வெகு தெளிவானது. 1967 இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை உடலின் பல பகுதிகளில் பூசி எவ்வளவு உட்கிரகிக்கப்படுகிறது என்று அளந்தபோது, விரைப்பையின் தோல் முன்கையின் தோலைக்காட்டிலும் 42 மடங்கு உள்வாங்கியது. பெண்ணின் வெளிப்புற உறுப்பின் தோலும் முன்கையைவிட எளிதில் ஊடுருவப்படுவதே. ஆகவே முன்கை தரும் நற்சான்று அங்கு செல்லாது; ஆண்களும் இதைத் தம்மோடு சேர்த்தே எண்ண வேண்டும், குறிப்பாகக் கிருமிநாசினித் திரவத்தைக் குளியல் வாளியில் கலந்து ஊற்றிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள்.

இனி அந்தப் பெண்ணின் அனுபவத்துக்கு வருகிறேன். சொல்ல அவள் அனுமதி தந்திருக்கிறாள். காலையில் வாசனை சோப்பு, மாலையில் வாஷ், ஆலையில் வைப்ஸ் என்று மூன்றும் ஒரே நாளில். முதலில் கழுவியதுமே எரிச்சல், பிறகு தோல் சிவந்து மெல்லிய செதில்கள், அதன்பின் உறக்கத்தைக் கலைக்கும் அரிப்பு. அரிப்பை அழுக்கென்று எண்ணி மேலும் அடிக்கடி கழுவினாள். கழுவக் கழுவ அரிப்பு வளர்ந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்த களிம்பு, ஸ்டிராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தது. பூசிய சில நாள் அடங்கி, நிறுத்தியதும் முன்னினும் கடுமையாகத் திரும்பியது. இத்தகைய ஸ்டிராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டுக்கு உரியவை என்று அரசு 2018 இல் விதித்திருந்தும், கேட்பவருக்கெல்லாம் இன்னும் கிடைப்பது வருந்தத்தக்கது. வீரியமிக்க ஸ்டிராய்டு அவ்விடத்தில் நீடித்தால் தோலை மெலியச் செய்வதோடு, படர்தாமரையின் அடையாளத்தையும் மறைத்துவிடும்.

பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் சென்றாள். அவர் முதலில் விசாரித்தது வெள்ளைப்படுதலையே: தயிர்த்திப்பி போலிருந்தால் பூஞ்சை, மீன்வாடை வீசினால் வேறொரு நுண்ணுயிர்க் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும், இவளுக்கு இரண்டும் இல்லை. தொடையில் விளிம்பு தடித்த வட்டமும் இல்லை. செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்ததில் பூஞ்சை இழையும் இல்லை. சிவப்பு, திரவம் பட்ட இடமெல்லாம் பரவி, திரவம் எட்டாத இடத்தில் நின்றிருந்தது. இதை உறுத்தும் பொருளால் வந்த தோலழற்சி என்று அவர் முடிவு செய்தார். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார். ஒன்றை விட்டு இரண்டை வைத்துக்கொண்டால் எது குற்றவாளி என்று தெரியாமலே நாள் கழியும். கழுவுவதற்கு வெறும் வெதுவெதுப்பான நீர், தினம் ஒருமுறை அல்லது இருமுறை, கையால் மட்டும். துவாலையால் தேய்க்காமல் ஒற்றியெடுப்பது. வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியைப் பட்டாணி அளவு பூசுவது. உள்ளாடை பருத்தியாக இருப்பது, அதைத் துவைத்த பவுடர் போக நன்றாக அலசுவது. அவர் எழுதிய மருந்து ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டுமே, ஒரு வாரம், மெல்லிய பூச்சாக.

குணமாகும் முறையே இந்த நோயின் அடையாளமும் ஆகும். முதலில் எரிச்சல் போகிறது. உறுத்தும் பொருள் நின்ற இரண்டு மூன்று நாளில் சிறுநீர் பட்டாலும் சுளீரென்று வலிப்பது குறைகிறது. அரிப்பு பிடிவாதமானது, பகலில் அடங்கி இரவில் எழும், ஒரு வாரம் கழித்தே தூக்கத்தைவிட்டு விலகும். தோலின் சிவப்பும் செதிலும் இரண்டு மூன்று வாரத்தில் மறையும், ஆனால் வெளியே ஆறினாலும் காவல் சக்தி முழுமையாகத் திரும்ப மேலும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் அவள் மீண்டும் வைப்ஸ் உபயோகித்தாள். ஒரு மணி நேரத்துக்குள் எரிச்சல் வந்தது, விட்டதும் மறுநாள் அடங்கியது. எந்தப் பொருள் காரணம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இப்பொழுது அவள் பையில் வைத்திருப்பது ஒரு சிறு தண்ணீர்க் குப்பியும் மென்மையான பருத்தித் துணியும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுவே: வாஷும் வைப்ஸும் வேண்டாம், சோப்பைக் கை, கால், அக்குளுக்கு வைத்துக்கொண்டு, உறுப்பைச் சூழ்ந்த இடத்தில் அதன் நுரை ஒழுகினாலும் நீரால் அலசிவிடலாம். வாசனை நாப்கினையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று வாரமாகியும் அரிப்பு குறையவில்லை என்றால் காரணம் வேறு. தோலில் வெள்ளைத் தழும்பு, புண், கொப்புளம், சீழ், காய்ச்சல், மாதவிடாய் அல்லாத இரத்தப்போக்கு இவற்றுள் எதைக் கண்டாலும், கர்ப்பிணியாகவோ நீரிழிவு உடையவராகவோ இருந்தாலும், அந்த மூன்று வாரம்வரை காத்திருக்கக் கூடாது. பொருளைத் தொட்டு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கழித்தே அரிப்பு மூண்டு, தொட்ட இடத்துக்கு அப்பாலும் பரவுமானால், அது உறுத்தலன்று, ஒவ்வாமை. அதற்குத் தோல் மருத்துவர் முதுகில் சந்தேகப் பொருள்களைப் பட்டைகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் சென்று மறுபடியும் பார்ப்பார். அதுவரை முதுகை நனைக்காமல் குளிக்க வேண்டும். வைப்ஸ் பொட்டலத்தையும் வாஷ் குப்பியையும் அவரிடம் கையோடு கொண்டுபோவது நல்லது.