தகுதியான கருத்தா?

தணிக்கை அறிக்கையில் வரும் ‘குவாலிஃபைட் ஒப்பீனியன்’ தமிழில் ‘தகுதியான கருத்து’ ஆனால், அர்த்தம் தலைகீழாகிவிடும். படிக்கிறவர் கம்பெனி பாஸாகிடுச்சுன்னு நினைப்பார். தணிக்கையாளர் சொல்வதோ, ‘இதைத் தவிர மற்றதெல்லாம் சரி’ என்பதைத்தான்.

கிடங்கில் 40 லட்ச ரூபாய்ச் சரக்கு இருப்பதாகக் கணக்கு காட்டுகிறது, அதைச் சரிபார்க்க வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். தொகை பெரிதுதான், ஆனால் பாதிப்பு அந்த ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. அப்போதுதான் இந்தக் கருத்து. பாதிப்பு கணக்கு முழுக்கப் பரவக்கூடியது என்றால், அவர் கருத்தே சொல்லாமல் விலகிக்கொள்வார்.

‘நிபந்தனைக் கருத்து’ம் பொருந்தாது, இங்கே நிறைவேற்ற நிபந்தனை எதுவுமில்லை. ‘விதிவிலக்குடன் கூடிய கருத்து’ நீளம்தான், ஆனா அந்தத் ‘தவிர’ அதுக்குள்ள இருக்கு. சந்தேகமென்றால் அடுத்துவரும் ‘அடிப்படை’ப் பத்தியைப் பாருங்கள். தலைப்பு பாராட்டி, பத்தி குறை சொன்னால், தவறு மொழிபெயர்ப்பில்.